மழை வந்தால் நெட் போகுமா? சாட்டிலைட் இன்டர்நெட்டில் போன் பேசினால் எப்படி இருக்கும்?

வீட்டில் டி.டி.எச். வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐப்பசி மழை வலுத்ததும் சீரியல் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த நிமிடம் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்து நிற்கும். பத்து, பதினைந்து நிமிடங்களில் தானாகத் திரும்பிவிடும். அதே வானத்திலிருந்து, அதே மாதிரி ஒரு டிஷ் வழியாக இன்டர்நெட்டும் வந்தால்? சீரியல் நின்றால் பரவாயில்லை, வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் போன் நின்றால்?

இந்தக் கேள்விக்கு வல்லம் வடகாலை வைத்துப் பதில் தேடினால் விஷயம் சுலபமாகப் புரியும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் இருக்கும் இந்த ஊரில்தான், பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய பிரமாண்டமான விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் முதல் வேலை ஊருக்கு போன். அந்த போன் சாட்டிலைட் வழியாகப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், ஈலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமமும், ஜூலையில் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தன. அதற்கு முன்பே யூடெல்சாட் ஒன்வெப், ஜியோ - எஸ்.இ.எஸ். கூட்டணி ஆகியவை உரிமம் வாங்கி வைத்திருக்கின்றன. ஆனால் சாட்டிலைட் இன்டர்நெட் இந்தியாவுக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் தனியாக நிற்கும் எத்தனையோ ஏ.டி.எம்.கள் பல வருடங்களாக கூரை மேல் இருக்கும் ஒரு சிறிய டிஷ்ஷை நம்பித்தான் பணம் எண்ணிக் கொடுக்கின்றன. வி-சாட் என்பார்கள். ஹியூஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் 2022-ல் இஸ்ரோவின் ஜிசாட்-11, ஜிசாட்-29 சாட்டிலைட்டுகளைக் கொண்டு அதிவேக சேவையையும் தொடங்கியது.

72,000 கிலோமீட்டர் சுற்றும் ‘சாப்ட்டியா?’

வல்லம் வடகால் விடுதியில் இருக்கும் மகள், அந்தமானின் போர்ட் பிளேரில் இருக்கும் அம்மாவிடம் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தமானை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் போடப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்படும் வரை, அந்தத் தீவுகள் வெளியுலகத்துடன் பேசுவதற்கும் இன்டர்நெட்டுக்கும் சாட்டிலைட்டைத்தான் நம்பியிருந்தன. ஒரே ஊரை இரண்டு வழியிலும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பழைய வகை சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் வைத்தால்தான் பூமி சுழலும் வேகத்திலேயே சாட்டிலைட்டும் சுற்றும், நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். டி.டி.எச். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் அப்படியே விட்டுவிட முடிவது இதனால்தான். புவிநிலை சாட்டிலைட் என்று பெயர்.

இதற்குக் கொடுக்கும் விலை, தூரம். மகளின் குரல் மேலே 36,000 கி.மீ. ஏறி, மறுபடி 36,000 கி.மீ. இறங்க வேண்டும். மொத்தம் 72,000 கி.மீ. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போனாலும் இதற்கு கிட்டத்தட்ட கால் நொடி, 240 மில்லி செகண்ட் ஆகும். அதே குரல் கடலடி கேபிளில் போனால்? சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டில் சுமார் 1,360 கி.மீ.தான். கண்ணாடி இழைக்குள் ஒளி சற்று மெதுவாக, நொடிக்கு 2 லட்சம் கி.மீ. அளவில் போகும். அப்படியும் 7 மில்லி செகண்டில் சேர்ந்துவிடும். சாட்டிலைட் வழியில் அதைப்போல 34 மடங்கு நேரம்.

கால் நொடி எல்லாம் ஒரு தாமதமா என்று தோன்றலாம். பேச்சில் அது பெரிய நேரம். சாதாரணமாக நாம் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாக அரைக்கால் நொடியிலிருந்து கால் நொடிக்குள்தான். சாட்டிலைட் அழைப்பில், குரலைச் சுருக்கி அனுப்பும் வேலைகளையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கே 0.3 நொடி ஆகிவிடுகிறது. அம்மா “சாப்ட்டியா?” என்று கேட்கிறார். அது மகளின் காதில் விழ 0.3 நொடி. மகள் உடனே “ஆச்சும்மா” என்கிறாள். அது திரும்பிப் போக இன்னொரு 0.3 நொடி. அம்மாவுக்கோ கேட்டு அரை நொடிக்கு மேல் ஆகியும் பதில் இல்லை. “ஹலோ, கேக்குதா?” என்கிறார். அந்த நேரம் பார்த்து “ஆச்சும்மா” வந்து சேர்கிறது. மகளுக்கு இப்போது “ஹலோ” கேட்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீ சொல்லு”, “இல்லம்மா நீ சொல்லு” என்று ஓடும். குரல் தெளிவாகத்தான் இருக்கும், பேச்சின் தாளம்தான் கெடும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேசுபவர்கள் உணரமாட்டார்கள். 400-ஐத் தாண்டவே கூடாது. புவிநிலை சாட்டிலைட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, சமாளிக்கலாம். ஆனால் பேசும் இருவருமே வி-சாட்டில் இருந்தால் கதை வேறு. பல இணைப்புகளில் குரல் முதலில் மேலே போய் நிறுவனத்தின் தரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலே ஏறி அடுத்தவரிடம் இறங்கும். அப்போது தாமதம் அரை நொடியைத் தாண்டும். அதில் உரையாடுவதைவிட வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவது நிம்மதி.

வெப்சைட் திறப்பதில் இந்தத் தாமதம் வேறு விதமாகத் தலைகாட்டும். ரயில் டிக்கெட் எடுக்க ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் போன் முதலில் அந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு அந்த சர்வருடன் இணைப்புப் போட வேண்டும். பிறகு பாதுகாப்புக்கான சாவிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ‘பக்கத்தைக் கொடு’ என்றே கேட்க முடியும். நான்கு முறை போய்த் திரும்புகிற வேலை. ஒவ்வொன்றுக்கும் 0.6 நொடி என்றால், முதல் எழுத்து வருவதற்கே 2.4 நொடி. உங்கள் வேகம் 10 எம்.பி.பி.எஸ். ஆக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் இந்த 2.4 நொடி குறையாது. குழாய் எவ்வளவு அகலம் என்பது வேகம், முதல் சொட்டு வந்து சேர எவ்வளவு நேரம் என்பது தாமதம். விளம்பரத்தில் சொல்வது முன்னதை மட்டும்தான்!

யூடியூப் நன்றாக ஓடுகிறது, வெப்சைட் மட்டும் இழுக்கிறது என்று சாட்டிலைட் நெட் வைத்திருப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீடியோ ஒருமுறை தொடங்கிவிட்டால் ஒரே திசையில் கொட்டிக்கொண்டே இருக்கும், அடிக்கடி கேள்வி - பதில் தேவைப்படாது. யூ.பி.ஐ. பணமும் தடையில்லாமல் போகும், ஒன்றிரண்டு நொடி கூடுதலாகச் சுற்றும், அவ்வளவே. அலுவலக வேலைக்கு வி.பி.என். போட்டால்தான் சிக்கல் பெரிதாகும். தாமதத்தை மறைக்க சாட்டிலைட் நிறுவனங்கள் தங்கள் மோடத்திலும் தரை நிலையத்திலும் சில குறுக்கு வழிகள் வைத்திருக்கும். வி.பி.என். எல்லாவற்றையும் பூட்டி அனுப்புவதால் அந்தக் குறுக்கு வழிகள் வேலை செய்யாமல் போய்விடும்.

தாழப் பறக்கும் சாட்டிலைட்டுகள்

ஸ்டார்லிங்க் இந்தத் தூரத்தைத்தான் குறைத்தது. அதன் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. ஒன்வெப் 1,200 கி.மீ. உயரத்தில். அந்த ஒன்வெப் சாட்டிலைட்டுகளில் 72-ஐ 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நமக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் இஸ்ரோ அனுப்பியது. ஜியோவுடன் கைகோத்திருக்கும் எஸ்.இ.எஸ்., இடைப்பட்ட 8,000 கி.மீ. உயரத்தைப் பயன்படுத்துகிறது.

550 கி.மீ. என்றால் போய்வர வெறும் 7 மில்லி செகண்ட் போதும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் சாட்டிலைட் சற்றுத் தள்ளி இருக்கும், தரை நிலையத்திலிருந்து சர்வருக்குப் போக வேண்டும், பலரும் வரிசையில் நிற்பார்கள். எனவே தரைப்பகுதிகளில் 25 முதல் 60 மில்லி செகண்ட் என்று ஸ்டார்லிங்க்கே சொல்கிறது. டவுன்லோடு 25 முதல் 220 எம்.பி.பி.எஸ்., அப்லோடு 5 முதல் 20 என்பதும் அவர்கள் முன்பு தந்த கணக்கு. இது மற்ற நாடுகளின் அனுபவம். 60 மில்லி செகண்டில் அம்மாவும் மகளும் சாட்டிலைட்டில் பேசுகிறோம் என்பதையே மறந்துவிடுவார்கள். ஆகவே யாராவது ‘சாட்டிலைட் நெட்’ என்று விற்க வந்தால், எம்.பி.பி.எஸ். எவ்வளவு என்பதற்கு முன்னால் சாட்டிலைட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மழை என்னதான் செய்கிறது?

மேகம் மறைப்பதால் சிக்னல் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மேகம் பெரிய எதிரி இல்லை. மழைத்துளிதான் எதிரி. ரேடியோ அலையின் நீளமும் மழைத்துளியின் அளவும் நெருங்க நெருங்க, துளி அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும்.

சாட்டிலைட்டுகள் பெரும்பாலும் மூன்று அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றன. சி பேண்டின் அலை நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். டி.டி.எச்.சும் ஸ்டார்லிங்க் டிஷ்ஷும் பயன்படுத்தும் கே.யூ. பேண்டில் இரண்டரை சென்டிமீட்டர். கே.ஏ. பேண்டில் ஒன்றரை சென்டிமீட்டரும் அதற்குக் குறைவும். கனமழைத் துளியோ சில மில்லிமீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அடித்துப் பெய்யும் மழையை, சிக்னல் 3 கி.மீ. தூரம் கடந்து வருவதாக வைத்துக்கொண்டு சர்வதேச ஒன்றியத்தின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், சி பேண்டில் 96 சதவிகிதம் தப்பி வரும். கே.யூ. பேண்டில் 18 சதவிகிதம்தான் மிஞ்சும். கே.ஏ. பேண்டில் 2 சதவிகிதம். பிறகு எதற்கு கே.ஏ. என்றால், அதில்தான் அதிக டேட்டாவை அடைக்க முடியும். சி பேண்டுக்கோ மொட்டை மாடியை அடைக்கும் பெரிய டிஷ் வேண்டும்.

சிக்னல் 18 சதவிகிதமாகக் குறைந்தால் உடனே நெட் செத்துவிடாது. மழைக்காக முன்கூட்டியே கொஞ்சம் கூடுதல் பலத்தை வைத்துத்தான் இணைப்பை வடிவமைக்கிறார்கள். அதுவும் போதாதபோது மோடம் தானாக நிதானத்துக்கு மாறும். சந்தை இரைச்சலில் நாம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்வோமே, அப்படி. அதனால் முதலில் வேகம்தான் குறையும். வீடியோ கால் மங்கும், குரல் வந்துகொண்டிருக்கும். மழை இன்னும் வலுத்தால்தான் முழுதாக அறுந்துபோகும். தூறலும் நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் மழையும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சோவென்று கொட்டும் அந்தச் சில நிமிடங்கள்தான் பிரச்னை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வாங்கும் இந்தப் பகுதியில் அந்த நிமிடங்கள் அடிக்கடி வரும்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. வல்லம் வடகாலில் ஜிசாட்-11 நோக்கி டிஷ் வைத்தால் அது அடிவானத்திலிருந்து 73 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்த்திருக்கும். சிக்னல் மழைக்குள் செங்குத்தாக இறங்கிவிடும். ஐரோப்பாவில் டிஷ் சாய்ந்து நிற்கும், மழைக்குள் கடக்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அவர்களுக்குத் தூரம் அதிகம், நமக்கு மழை அதிகம்.

தாமதத்தை மழை கூட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலை அதே வேகத்தில்தான் வருகிறது. தொலைந்த டேட்டாவைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் நமக்குத் தாமதம்போலத் தெரிகிறது.

மழையா, மரமா, கூட்டமா?

நெட் தடுமாறும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மழையென்றால் கொட்டும்போது போய், குறைந்ததும் பத்து இருபது நிமிடங்களில் வந்துவிடும். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அரை நாள் தகராறு செய்தால், கேபிள் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காய்ந்ததும் சரியாகி, அடுத்த மழையில் மறுபடி வரும். டெக்னீஷியனை அழைத்து கனெக்டரை மாற்றச் சொல்லுங்கள்.

பளிச்சென்ற வானத்தில் சில நொடிகள் விட்டு விட்டு அறுந்தால் மரமோ பக்கத்துக் கட்டடமோ மறைக்கிறது. தாழப் பறக்கும் சாட்டிலைட்டுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றுக்கான டிஷ்ஷுக்கு வானத்தின் பெரும்பகுதி தெரிய வேண்டும். ஒரு தென்னை மட்டை போதும், பேச்சு நடுவில் நறுக்கென்று அறுபட. காலையில் பறந்து, இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை மட்டும் ஊர்ந்தால் அது கூட்டம். இன்னும் ஒன்று, உங்கள் ஊரில் மழையே இல்லாமலும் மழையால் நெட் போகலாம்! சாட்டிலைட் உங்கள் டேட்டாவை இறக்கும் தரை நிலையம் வேறு எங்கோ இருக்கும். ஒன்வெப்புக்கு குஜராத்தின் மெஹ்சானாவில் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பேய்மழை பெய்தால் இங்கே பாதிப்பு தெரியலாம். நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களை வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

புவிநிலை சாட்டிலைட்டுக்கு மட்டும் ஒரு விசித்திரமான எதிரி உண்டு: சூரியன். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், சூரியன் சரியாக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் சிக்னல் சில நிமிடங்கள் மூழ்கிவிடும். கொளுத்தும் வெயிலில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் போனால் டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்.

போனில் எந்த ஸ்பீடு டெஸ்ட் செயலியைத் திறந்தாலும் வேகத்துக்குப் பக்கத்தில் ‘Ping’ என்று ஓர் எண் காட்டும். போய்த் திரும்பும் நேரம் அது. லேப்டாப் இருந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ping -n 50 8.8.8.8
```

ஒவ்வொரு வரியிலும் `time=` என்பதற்குப் பக்கத்தில் 600-ஐ ஒட்டி வந்தால் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட், 60-க்குள் வந்தால் தாழப் பறப்பது. நடுநடுவே `Request timed out` என்று வந்தால் அந்தப் பொட்டலம் தொலைந்துவிட்டது. ஐம்பதில் ஒன்று தொலைந்தால் பேச்சில் தெரியாது. நாலைந்து தொலைந்தால் வார்த்தைகள் விழுங்கப்படும்.

விடுதி முழுவதற்கும் போதுமா?

வாய்ஸ் காலுக்கு 0.1 எம்.பி.பி.எஸ். தாராளம். ஓரளவு தெளிவான வீடியோ காலுக்கு ஒன்று முதல் ஒன்றரை. எச்.டி. படத்துக்கு ஐந்து. ஒரு வீட்டுக்கு 25 எம்.பி.பி.எஸ். கிடைத்தாலே நான்கு பேர் சண்டையில்லாமல் இருக்கலாம். ஆனால் வல்லம் வடகால் விடுதியை அப்படியே இந்தக் கணக்கில் போடுங்கள். 18,720 பேரில் கால்வாசி, அதாவது 4,680 பேர், இரவு ஒன்பது மணிக்கு வீடியோ காலில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றரை எம்.பி.பி.எஸ். என்றால் மொத்தம் 7,020, அதாவது 7 ஜி.பி.பி.எஸ். 2024 நவம்பர் 19 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-என்2 சாட்டிலைட்டின் மொத்தக் கொள்ளளவே 48 ஜி.பி.பி.எஸ்.தான், அதுவும் நாடு முழுவதற்கும். ஒரே ஒரு விடுதி அதில் ஏழில் ஒரு பங்கைக் கேட்கிறது. லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி கேபிள் வரும் வரை, தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து இருந்த சாட்டிலைட் கொள்ளளவு 1.7 ஜி.பி.பி.எஸ்.

ஸ்டார்லிங்க் இந்தியாவில் 20 லட்சம் வாடிக்கையாளர்களைத்தான் சேர்க்க முடியும் என்று மத்திய தொலைத்தொடர்பு இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் 2025 ஜூலையில் சொன்னதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். வானத்திலிருந்து வரும் அலைவரிசையை ஒரு பெரிய பரப்பில் இருக்கும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஃபைபரும் செல்போன் டவரும் இருக்கும் ஒரகடம் சாலையில் சாட்டிலைட்டுக்கு இருக்கும் வேலை, பொக்லைன் தோண்டி கேபிள் அறுந்த நாளில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளையும், ஒரு ஏ.டி.எம்.மையும், விடுதி அலுவலகத்தின் போனையும் உயிரோடு வைத்திருப்பதுதான்.

அந்த நாளுக்காக டிஷ் வாங்குபவர்கள் கரண்ட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மழை சிக்னலை மறைப்பது சில நிமிடங்கள், கரண்ட் இல்லாமல் கிடப்பது பல மணி நேரம். தாழப் பறக்கும் சாட்டிலைட்டுகளைத் துரத்தும் டிஷ் தொடர்ந்து 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், ஒரு சீலிங் ஃபேனை விட அதிகம். வீட்டு இன்வெர்ட்டரில் டிஷ்ஷையும் ரவுட்டரையும் மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்தால் இரவு தாங்கும். டிஷ் மொட்டை மாடியில் இருக்க, அதன் அடாப்டரைத் தரையோரத்து பிளக்கில் செருகி வைத்திருந்தால், வெள்ளம் உள்ளே வந்ததும் முதலில் போவது அதுதான். இடுப்பு உயரத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள்.